புத்தர் மறைந்தது எப்போது? முரண்படும் கணக்குகளைக் காலவரிசையில் நிறுத்துவது பற்றி

1956ஆம் ஆண்டில் இலங்கையும் பர்மாவும் இந்தியாவும் புத்த ஜயந்தியின் 2500ஆம் ஆண்டைக் கொண்டாடின. தாய்லாந்து அதையே 1957இல் கொண்டாடியது. ஓர் ஆண்டு வேறுபாட்டுக்குக் காரணம் எளியது: நடப்பு ஆண்டை எண்ணுவது ஒரு வழக்கம், நிறைவுற்ற ஆண்டை எண்ணுவது இன்னொரு வழக்கம். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் இந்தக் கொண்டாட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருந்த கி.மு. 544/543 என்ற பரிநிர்வாண ஆண்டை வரலாற்றாய்வாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. அவர்கள் சொல்லும் ஆண்டுகளும் ஒன்றாக இல்லை. கி.மு. 486, 483 என்பார் உண்டு. 404 என்பார் உண்டு. 368 என்பாரும் உண்டு. நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி இது.

இது புத்தர் ஒருவரின் சிக்கல் மட்டுமன்று. பிம்பிசாரன், அஜாதசத்ரு, மகாவீரர், பாடலிபுத்திரத்தின் தொடக்கம் என வட இந்திய வரலாற்றின் முதற்பகுதி முழுவதும் இந்த ஓர் ஆண்டில்தான் தொங்குகிறது. விடைகள் ஏன் இவ்வளவு பிரிகின்றன, எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நங்கூரம்: அசோகனின் பதின்மூன்றாம் பாறைக் கட்டளை

புத்தர் காலத்து நூல்களோ கல்வெட்டுகளோ நமக்கு இல்லை. பின்னால் எழுந்த மரபுகள் “பரிநிர்வாணத்துக்கு இத்தனை ஆண்டுக்குப் பின் அசோகன் முடிசூடினான்” என்று சொல்கின்றன. ஆகவே எல்லாக் கணக்கும் அசோகனிடமிருந்து பின்னோக்கிப் போவதுதான். முதலில் அவனுடைய முடிசூட்டு ஆண்டு உறுதியாக வேண்டும்.

அதற்கான சான்று அவனுடைய பதின்மூன்றாம் பாறைக் கட்டளை. சோழரையும் பாண்டியரையும் தாமிரபரணியையும் பெயர் சொல்லும் அதே கட்டளை, மேற்கே ஐந்து கிரேக்க மன்னர்களையும் வரிசையாகக் குறிப்பிடுகிறது: அந்தியோகன், துரமயன், அந்திகினி, மகன், அலிகசுந்தரன். இவர்களில் நால்வரைப் பற்றி ஐயமில்லை. சிரியாவின் இரண்டாம் அந்தியோக்கஸ் கி.மு. 261 முதல் 246 வரை ஆண்டவன். எகிப்தின் இரண்டாம் தாலமி 246 வரையிலும், மாசிடோனியாவின் அந்திகோனஸ் கொனடாஸ் 239 வரையிலும் வாழ்ந்தவர்கள். சைரீனின் மகாஸ் இறந்தது 250 வாக்கில் என்று இப்போது பெரிதும் கருதப்படுகிறது. பழைய நூல்கள் 258 என்றன. ஐந்தாமவன் எபிரஸ் நாட்டு அலெக்சாண்டர் என்றால் அவன் ஆட்சி ஏறத்தாழ 272 முதல் 255 வரை. கொரிந்த் நகரத்து அலெக்சாண்டர் என்றால் அது 252 வாக்கில்தான் தொடங்குகிறது.

இவற்றில் ஒன்றுகூட அசோகனின் ஆண்டைச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து ஆட்சிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பட்டைகளாக வரைந்தால், ஐந்தும் ஒருங்கே விழும் பகுதி மிகச் சிறியது. அந்தியோக்கஸ் 261இல்தான் பட்டத்துக்கு வந்தான் என்பதால் கட்டளை அதற்கு முன்பு எழுந்திருக்க முடியாது. எபிரஸ் அலெக்சாண்டரை ஏற்றால் 255 வாக்கில் மறு எல்லை வந்துவிடுகிறது. ஒரு மன்னன் இறந்த செய்தி மகதத்துக்கு வந்து சேரும் வரை அவன் பெயர் உயிரோடிருக்கும் என்பதால், இந்த மறு எல்லையை ஓரிரு ஆண்டு தளர்த்தியே கொள்ள வேண்டும்.

இனி அசோகன் தன் ஆட்சியாண்டைச் சொல்லும் இடத்தைப் பார்க்க வேண்டும். இதே தொகுதியைச் சேர்ந்த ஐந்தாம் கட்டளை, முடிசூடிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் தர்ம மகாமாத்திரர்களை நியமித்ததாகக் கூறுகிறது. தொகுதி அந்த ஆண்டை ஒட்டி வெளிவந்தது என்று கொண்டால், 260க்கும் 255க்கும் இடைப்பட்ட ஆண்டோடு பதின்மூன்றைக் கூட்ட, முடிசூட்டு 273க்கும் 268க்கும் இடையில் விழுகிறது. கொரிந்த் அலெக்சாண்டரை வைத்தால் 265ஐ ஒட்டி இறங்கிவிடும்.

இக்கணக்கோடு தொடர்பில்லாத இன்னொரு வழியும் உண்டு. சந்திரகுப்தன் 321 வாக்கில் ஆட்சிக்கு வந்தான் என்று கிரேக்கச் சான்றுகளைக் கொண்டு கணிக்கிறார்கள். அவனுக்கு 24 ஆண்டு, பிந்துசாரனுக்குப் புராணங்களின்படி 25 ஆண்டு என்று கழித்தால் 272. பாலி மரபின்படி பிந்துசாரனுக்கு 28 ஆண்டும், முடிசூட்டுக்கு முந்தைய போட்டிக்கு 4 ஆண்டும் சேர்த்துக் கழித்தால் 265. வெவ்வேறு திசையிலிருந்து வந்த இரண்டு கணக்குகள் ஒரே பத்தாண்டில் சந்திப்பதுதான் இந்த நங்கூரத்தின் பலம். பாடநூல்களில் நாம் காணும் 268 அந்தப் பத்தாண்டுக்குள் வசதியாக எடுத்த ஒரு புள்ளி. அதை அறிந்து பயன்படுத்துவதில் தவறில்லை.

நீண்ட கணக்கு: 218 ஆண்டுகள்

இலங்கையின் தீபவம்சமும் மகாவம்சமும் பரிநிர்வாணத்துக்கு 218 ஆண்டுகளுக்குப் பின் அசோகன் முடிசூடியதாகச் சொல்கின்றன. மகாவம்சம் இதற்கு மகத அரசர் பட்டியலும் தருகிறது. அஜாதசத்ருவின் எஞ்சிய 24 ஆண்டு, உதயபத்தனுக்கு 16, அநுருத்தனுக்கும் முண்டனுக்கும் சேர்த்து 8, நாகதாசகனுக்கு 24, சுசுநாகனுக்கு 18, காலாசோகனுக்கு 28, அவன் மக்கள் பதின்மருக்கு 22, நந்தர் ஒன்பதின்மருக்கு 22, பிறகு மௌரியர் 24, 28, 4. கூட்டினால் பிசகின்றி 218.

544இலிருந்து 218ஐக் கழித்தால் அசோகனின் முடிசூட்டு கி.மு. 326 ஆகிறது. அது அலெக்சாண்டர் ஜீலம் நதிக்கரையில் போரஸோடு பொருத ஆண்டு! அசோகனின் பாட்டன் சந்திரகுப்தனே அதற்குப் பின்தான் அரசனானான். 1793இல் வில்லியம் ஜோன்ஸ் கிரேக்க நூல்களின் சாந்த்ரகொட்டஸ் சந்திரகுப்தனே என்று அடையாளம் கண்டிருந்தார். 1837இல் மகாவம்சத்தை மொழிபெயர்த்து வெளியிட்ட ஜார்ஜ் டர்னர் இந்த ஏறத்தாழ அறுபதாண்டுப் பிழையைக் கவனித்துவிட்டார். எனவே பிற்காலத்தார் 218ஐ அப்படியே வைத்துக்கொண்டு தொடக்கத்தை மட்டும் நகர்த்தினார்கள். 268ஓடு கூட்டியவர்களுக்கு 486 கிடைத்தது. 265ஓடு கூட்டியவர்களுக்கு 483. மகாவம்சத்தின் ஜெர்மானியப் பதிப்பாளர் வில்ஹெல்ம் கைகர் 483ஐ ஏற்றார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பாடநூல்கள் இந்தத் திருத்திய கணக்கையே பின்பற்றின.

இதற்குத் துணையாக ஒரு சீனச் சான்று அடிக்கடி காட்டப்படும். கி.பி. 489இல் காண்டன் நகரில் சங்கபத்ரர் என்ற துறவி ஒரு விநய நூலின் சுவடியில் புள்ளியொன்று வைத்தாராம். பரிநிர்வாண ஆண்டிலிருந்து ஆண்டுக்கொரு புள்ளியாக வைத்து வந்த சுவடி அது. அப்போது புள்ளிகள் 975 இருந்தனவாம். கழித்தால் கி.மு. 486 வருகிறது. பார்வைக்கு மிக உறுதியான சான்றுதான். ஆனால் பாலித் திரிபிடகம் இலங்கையில் எழுத்தில் வடிக்கப்பட்டது கி.மு. முதல் நூற்றாண்டில் என்று அந்த மரபே சொல்கிறது. சுவடியே இல்லாத முதல் சில நூற்றாண்டுகளின் புள்ளிகளை எதில் வைத்தார்கள்? தொடக்கத்துப் புள்ளிகளை யாரோ பின்னால் கணக்கிட்டு நிரப்பியிருக்க வேண்டும். அப்படி நிரப்பியவர் 218ஐ அறிந்த தேரவாத மரபினராக இருந்தால், இது இரண்டாவது சாட்சி ஆகாது; முதல் சாட்சியின் எதிரொலி மட்டுமே.

218இன் உள்ளே

ஒரு தொகை துல்லியமாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. 218ஐப் பிரித்துப் பார்த்தால் 100உம் 118உம் கிடைக்கின்றன. பரிநிர்வாணத்துக்கு நூறாண்டு கழித்து வைசாலியில் இரண்டாம் சங்கீதி கூடியதென்பது மரபு. அது காலாசோகனின் பத்தாம் ஆட்சியாண்டு. துல்லியமாகத் தோன்றும் 218இல் பாதி ‘நூறு’ என்ற முழு எண் என்று ஆகிறது.

அந்த நூறை விநய நூலின் ஒரு குறிப்பே ஆட்டம் காணச் செய்கிறது. சங்கீதியில் தலைமைத் தேரராக இருந்த சப்பகாமி, துறவு பூண்டு 120 ஆண்டு ஆனவர் என்றும் ஆனந்தரின் சீடர் என்றும் அது சொல்கிறது. முழுத் துறவுக்கு இருபது வயது வேண்டும் என்பதால் அவருக்கு அப்போது குறைந்தது 140 வயது. ஆனந்தரின் நேர்ச் சீடர் ஒருவர் முதியவராக அங்கே இருந்தார் என்ற செய்தியை நம்பலாம். அப்படியானால் சங்கீதி பரிநிர்வாணத்துக்கு அறுபது எழுபது ஆண்டுக்குள் கூடியிருக்க வேண்டும். நூறு என்ற எண்ணைக் காப்பாற்றத்தான் தேரரின் வயது வளர்ந்தது போலும்.

இலங்கை அரசர் பட்டியலில் இந்த நீட்டல் இன்னும் வெளிப்படை. விஜயன் இலங்கைக் கரையில் இறங்கியது பரிநிர்வாண நாளன்றே என்கிறது மகாவம்சம். மறுமுனையில் தேவநம்பிய தீசன் அசோகனின் பதினெட்டாம் ஆண்டில், அதாவது பரிநிர்வாணத்துக்கு 236 ஆண்டு கழித்து முடிசூடுகிறான். இரு முனையும் முன்கூட்டியே அடித்த ஆணிகள். இடைவெளியை நிரப்பக் கையிலிருந்த அரசர்கள் ஐவர்தான். விஜயன் 38 ஆண்டு, அரசனில்லாமல் 1, பண்டுவாசுதேவன் 30, அபயன் 20, மறுபடி அரசனில்லாமல் 17, பண்டுகாபயன் 70, மூத்தசிவன் 60. கூட்டுத்தொகை 236. முப்பத்தேழு வயதில் அரசனான பண்டுகாபயன் எழுபது ஆண்டு ஆண்டு, நூற்றேழு வயதில் இறந்தானாம். அவன் மகன் அதற்குப் பிறகு அறுபது ஆண்டு ஆண்டானாம். அந்த மூத்தசிவனின் மக்களில் ஒருவனான அசேலன், தந்தை இறந்து 102 ஆண்டு கழியும் வரை அரசனாக இருக்கிறான்.

பட்டியலில் உள்ள பெயர்கள் பொய் என்று இதற்குப் பொருளில்லை. வரிசையும் பெரும்பாலும் சரியாக இருக்கலாம். கால அளவுகள்தான் முனைகளுக்கு ஏற்ப இழுக்கப்பட்டவை. இதைக் கண்டுகொள்ளும் வழி, தலைமுறைகளை எண்ணுவதும் ஒவ்வொருவரின் வயதைக் கணக்கிடுவதும்தான். கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று சோதிப்பது வீண். அது பொருந்தத்தான் செய்யும், அதற்காகவே செய்த கணக்கு அது.

குறுங்கணக்கும் இடைக்கணக்கும்

வட மரபின் அசோகாவதானம் முதலிய நூல்கள், பரிநிர்வாணத்துக்கு நூறாண்டு கழித்து அசோகன் தோன்றினான் என்கின்றன. சில நூல்களில் இது 110, 116, 160 என்று மாறும். நூறை எடுத்துக்கொண்டால் கி.மு. 368. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிலர் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்றாலும், இலங்கை நூல்களின் விரிந்த பட்டியல்களுக்கு முன் இது எடுபடவில்லை. வட மரபினர் காலாசோகனையும் மௌரிய அசோகனையும் ஒருவராக்கிக் குழப்பிக்கொண்டார்கள் என்று விளக்கம் தரப்பட்டது. எதிர்த்தரப்பு அதைத் திருப்பிப் போட்டது: நூறாண்டில் இருந்த ஓர் அசோகனைத் தென்மரபு இருவராக்கிவிட்டது என்றார்கள். இரண்டு விளக்கமும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன, எதையும் தீர்க்கவில்லை.

குறுங்கணக்கின் பலவீனமும் தெளிவு. மரபுவழி நூல்களில் ‘நூறு ஆண்டு’ என்பது ‘வெகு காலம்’ என்பதற்கு நிற்கும் சொல்லாட்சி. தென்மரபின் இரண்டாம் சங்கீதியில் அந்த நூறை ஐயப்பட்டுவிட்டு, வடமரபின் நூறை மட்டும் அப்படியே ஏற்பது நியாயமாகாது.

ஹைன்ஸ் பெக்கர்ட் 1988இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இதற்கென்றே ஒரு பெரிய கருத்தரங்கைக் கூட்டினார். நீண்ட கணக்கின் மீதிருந்த நம்பிக்கை அங்கிருந்துதான் பெரிதும் தளர்ந்தது. ரிச்சர்ட் கோம்பிரிச் முன்வைத்த வழி தனித்துக் குறிப்பிடத்தக்கது. அவர் அரசர்களை விட்டுவிட்டு விநய ஆசிரியர்களின் வரிசையை எடுத்துக்கொண்டார். உபாலி, தாசகர், சோணகர், சிக்கவர், மொக்கலிபுத்த திஸ்ஸர் என்று குருவும் சீடருமாக வரும் ஐவர். உபாலி புத்தரின் சீடர், கடைசியவர் அசோகன் காலத்தவர். தீபவம்சம் இவர்களுக்குத் தரும் எண்களில் சில, தலைமை வகித்த காலம் அல்ல, வாழ்நாள் தொடர்பானவை என்று பிரித்துப் படித்தால், பரிநிர்வாணத்துக்கும் அசோகன் முடிசூட்டுக்கும் இடையே ஏறத்தாழ 136 ஆண்டு கிடைக்கிறது என்றார். அதன்படி பரிநிர்வாணம் கி.மு. 404 வாக்கில்.

எனக்கு இந்த வழியின் தருக்கம் பிடித்திருக்கிறது. பரம்பரையைக் காப்பதற்காக ஒரு சங்கம் மறக்காமல் வைத்திருந்த பெயர்களை இது அடிப்படையாகக் கொள்கிறது. எங்கோ ஒரு நாட்டின் அரசர் பட்டியலை அன்று. ஆயினும் தீபவம்சத்தின் பாடம் பல இடங்களில் சிதைந்தது. எந்த எண்ணைத் திருத்திப் படிப்பது, எதை விடுவது என்பதில் கோம்பிரிச்சின் முடிவுகளை எல்லாரும் ஏற்கவில்லை. 404 என்பதில் உள்ள 4ஐ யாரும் இறுகப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மண்ணுக்கடியில் விடை உண்டா?

அகழாய்வு இதைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 2013இல் ராபின் கோனிங்காம் தலைமையிலான குழு, லும்பினியின் மாயாதேவி கோயிலுக்கு அடியில் மரத்தாலான ஒரு பழைய அமைப்பைக் கண்டதாகவும், அது கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகவும் அறிவித்தது. நீண்ட கணக்குக்கு இது வலுச் சேர்ப்பதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் ஒரு மரத்தைச் சுற்றி வேலியிட்டு வழிபட்ட இடம் பௌத்தத்துக்கு முன்னரே இருந்திருக்கலாம். அந்த இடம் எப்போது புத்தரோடு தொடர்புபட்டது என்பதை மரத்துண்டு சொல்லாது.

கரிமக் காலக்கணிப்புக்கே இங்கு இன்னொரு தடை இருக்கிறது. கரிம அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் வளைகோடு, ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டச் சமதளமாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டுகளில் எப்போது வெட்டிய மரமானாலும் அளவு அநேகமாக ஒன்றுபோலவே வரும். புத்தரைப் பற்றிய வாதம் முழுவதும் நடப்பது இந்தச் சமதளத்திலும் அதன் விளிம்பிலும்தான்.

இரண்டு கணக்குகளைக் கலந்தால்

ஈழத்து வரலாறு படிக்கும் தமிழருக்கு நேரடியாகத் தொடர்புள்ள பிழை ஒன்று இங்கே உண்டு. எல்லாளனின் ஆட்சி கி.மு. 205 முதல் 161 வரை என்று பல நூல்களில் காண்கிறோம். அது 544/543ஐத் தொடக்கமாகக் கொண்ட பழைய கணக்கு. அதே நூல்கள் அசோகனை 268இல் வைத்து, மகிந்தர் இலங்கைக்கு வந்ததும் தேவநம்பிய தீசன் முடிசூடியதும் 250 வாக்கில் என்கின்றன. அது திருத்திய கணக்கு.

மகாவம்சப்படி தீசனின் ஆட்சி 40 ஆண்டு. அதன் பின் உத்தியன், மகாசிவன், சூரதீசன் ஆகியோர் பத்துப் பத்து ஆண்டு, குதிரை வணிகன் மக்களான தமிழர் சேனனும் குத்திகனும் 22 ஆண்டு, அசேலன் 10 ஆண்டு, அடுத்து எல்லாளன். தீசன் 250இல் தொடங்கி 210இல் முடிந்தால், எல்லாளன் வரும் வரை 62 ஆண்டு வேண்டும். 205 என்று போட்டால் அவ்வளவு பேருக்கும் ஐந்து ஆண்டுதான் மிச்சம். சேனனுக்கும் குத்திகனுக்கும் இடமே இல்லாமல் போகிறது. கைகரின் பட்டியல் இதில் நேர்மையானது: தீசன் 247, எல்லாளன் 145 முதல் 101 வரை. தலைமுறைக் கணக்கில் 102 ஆண்டே மிகையென்று மேலே பார்த்தோம். அதனால் எல்லாளன் 145க்குச் சற்று முந்தியவனாகவும் இருக்கலாம். அப்படி நகர்த்துவதானால் அதற்குக் காரணம் சொல்லி, இடையிலுள்ள எல்லாரையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

இத்தகைய பிழையைத் தவிர்க்கக் காலவரிசையை இரண்டு அடுக்காக எழுதி வைப்பது உதவும். ஓர் அடுக்கில் ‘இதற்கு இத்தனை ஆண்டுக்குப் பின்’ என்ற தொடர்பு மட்டும் இருக்கும், கி.மு. என்ற எண் எதுவும் வராது. மற்றோர் அடுக்கில் நங்கூரங்கள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் முன்னெல்லை, பின்னெல்லையோடு. நங்கூரம் நகர்ந்தால் தொடர் முழுவதும் நகரும். அப்போது எந்த ஆண்டு எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இன்றைய நிலை

544/543 வழிபாட்டு ஆண்டாக நிற்கட்டும். வரலாற்று ஆண்டாக நிற்காது. 486, 483 இரண்டும் 218ஐ நம்பினால் மட்டுமே வாழ்பவை, அந்த நம்பிக்கைக்கான காரணங்கள் குறைந்துவிட்டன. ஆய்வாளர்கள் பலர் இப்போது கி.மு. 400ஐ ஒட்டி, முன்னும் பின்னும் இருபது ஆண்டு விட்டு எழுதுகிறார்கள். சான்றுகளை நிறுத்துப் பார்த்தால் அதுவே பொருத்தமாகத் தெரிகிறது.

ஆனால் 400 வாக்கில் பரிநிர்வாணம் என்றால் அதிலிருந்து சந்திரகுப்தன் வரை ஏறத்தாழ எண்பது ஆண்டுதான். அஜாதசத்ருவின் பிற்பகுதி, உதயபத்தன், சுசுநாக மரபு, நந்தர் எல்லாரும் அதற்குள் அடங்க வேண்டும். பாலி மரபு இவர்களுக்கு 162 ஆண்டு தருகிறது. புராணங்களோ நந்தர்களுக்கு மட்டுமே நூறு தருகின்றன. அரசர்கள் சிலர் ஒரே காலத்தில் வெவ்வேறு பகுதிகளை ஆண்டிருந்தால் எண்பது போதும். அப்படி ஆண்டார்கள் என்று காட்டும் நாணயமோ கல்வெட்டோ மகதத்திலிருந்து இன்னும் கிடைக்கவில்லை. சமணரின் வழக்கு இந்தச் சுருக்கலுக்கு ஓரளவு எதிராகவே நிற்கிறது: ஹேமசந்திரர் மகாவீரர் மறைவுக்கும் சந்திரகுப்தனுக்கும் இடையே 155 ஆண்டு என்கிறார், பாலி நூல்களோ மகாவீரர் புத்தருக்கு முன் மறைந்தவர் என்கின்றன. அந்த 155ஐ 218ஐப் போலவே பிரித்து ஆராய முடியுமா, அல்லது அது தனிச் சாட்சியாக நிற்குமா என்பதில் முடிவு இன்னும் எட்டப்படவில்லை.